ஒரே பத்தியில் பல கேள்வி கேட்கும் மெயிலுக்கு வரிசையாகப் பதில் எழுதுவது எப்படி? என் வரைவைப் பாருங்கள்

மைதிலி (அயோத்தியாப்பட்டணம்)

எல்லோருக்கும் வணக்கம். சேலம் அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். பில் போடுவது, லாரிக்காரர்களிடம் பேசுவது எல்லாம் பழக்கம்தான். நீளமான மெயிலுக்குப் பதில் எழுதுவதுதான் வராது. கோவையிலிருந்து ஒரு புதுப் பார்ட்டி எழுதியிருக்கிறார். "எல்லாத்துக்கும் பதில் இருக்கணும், ஒண்ணும் விடாத" என்று சொல்லிவிட்டு முதலாளி ஜவ்வரிசி காய வைக்கும் களத்துக்குப் போய்விட்டார். பெயரை எடுத்துவிட்டு மெயிலை அப்படியே போடுகிறேன்.

> வணக்கம். நாங்கள் மளிகைப் பொருட்களை வாங்கி அரைக் கிலோ பாக்கெட்டாகப் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். மாதம் இரண்டு டன் சாதா ஜவ்வரிசி தேவைப்படும். விலை எவ்வளவு? அது மில் வாசல் விலையா, கோவையில் இறக்கிய விலையா? 90 கிலோ மூட்டையை எங்கள் ஆட்கள் தூக்கச் சிரமப்படுகிறார்கள், 50 கிலோவாகத் தர முடியுமா? போன வருடம் வேறொருவரிடம் வாங்கிய சரக்கு வேகவைத்ததும் கூழாகிவிட்டது, மக்காச்சோள மாவு கலந்தது என்று பிறகு சொன்னார்கள். உங்களிடம் அப்படி இருக்காது என்று நம்புகிறோம். வெள்ளையாகத் தெரிவதற்கு ஏதாவது போடுகிறீர்களா? லேப் ரிப்போர்ட் தருவீர்களா, ஒவ்வொரு லோடுக்கும் தனியாகவா? தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் முதல் லோடு கைக்கு வந்துவிட வேண்டும், மழை வந்து களம் நனைந்தால் என்ன செய்வீர்கள்? பணம் சரக்கு வந்து 30 நாளில் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு கிலோ சாம்பிள் அனுப்பினால் சமைத்துப் பார்த்துச் சொல்கிறோம். நைலான் ஜவ்வரிசியும் சேர்த்து எடுத்தால் விலை குறையுமா? நன்றி.

என் வரைவு இது. இன்னும் அனுப்பவில்லை. விலையை மட்டும் இங்கே காட்டவில்லை.

> ஐயா, வணக்கம். எங்களைத் தொடர்பு கொண்டதற்கு மிக்க நன்றி. எங்கள் மில் தரத்தில் சமரசம் இல்லாமல் இயங்கி வருகிறது. எங்கள் ஜவ்வரிசி சுத்தமான முறையில் தயாரிக்கப்படுகிறது. நைலானும் எங்களிடம் உள்ளது, இரண்டும் சேர்த்து எடுத்தால் பார்த்துச் செய்யலாம். சாம்பிள் அனுப்புகிறோம். லேப் ரிப்போர்ட் உள்ளது. விலை மூட்டைக்கு ரூ. ___. மூட்டை அளவு பேசிக்கொள்ளலாம். தீபாவளிக்கு முன் அனுப்ப முயற்சி செய்கிறோம், மழையைப் பொறுத்தது. மேலும் விவரங்களுக்கு அழைக்கவும்.

படித்துப் பார்த்தால் எல்லாம் இருப்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் ஏதோ குறைகிறது. எப்படி மாற்றி எழுதலாம்?

முருகேசன் (செவ்வாய்ப்பேட்டை)

இதற்கு எதற்கம்மா மெயில்? போனை எடுத்துப் பேசினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நாங்கள் இத்தனை வருடம் மண்டியில் வாய்ப்பேச்சிலேயே லோடு லோடாக அனுப்பியிருக்கிறோம். எழுதி வைத்தால்தான் பின்னால் வம்பு.

கவிதா (ஓமலூர்)

நைலான் ஜவ்வரிசி சில்லறையில் கிடைக்குமாங்க? வடாம் போட ஐந்து கிலோ வேண்டும். என்ன விலை?

மைதிலி (அயோத்தியாப்பட்டணம்)

கவிதா அக்கா, இது விற்பனைப் பதிவு இல்லை :) மில்லில் சில்லறை கிடையாது.

முருகேசன் ஐயா, முதலாளியும் முதலில் போன்தான் போட்டார். அந்தப் பக்கம் "எங்கள் பார்ட்னருக்கும் காட்ட வேண்டும், எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

ராஜேஷ்_பெங்களூர்

எனக்குச் சொந்த ஊர் சங்ககிரி. ஐ.டி.யில் இருக்கிறேன், எங்கள் ஆபீஸில் இதற்கு ஒரே வழிதான். அவர் மெயிலுக்குள்ளேயே போய், ஒவ்வொரு கேள்விக்கும் கீழே சிவப்பு எழுத்தில் பதிலைத் தட்டிவிடுங்கள். மேலே "பதில்கள் கீழே சிவப்பில்" என்று ஒரு வரி. வரிசையும் தானாக வந்துவிடும், எதுவும் விட்டுப்போகாது.

செல்வம் (கொண்டலாம்பட்டி)

ஜவுளி ஏற்றுமதி ஆபீஸில் கடிதப் போக்குவரத்து பார்த்தவன் என்பதால் நானும் சொல்கிறேன்.

ராஜேஷ் தம்பி சொல்வதில் பாதி சரி. கேள்விக்கு அடியிலேயே பதில் இருக்க வேண்டும் என்பது சரியான யோசனை. ஆனால் அவருடைய பழைய மெயிலுக்குள் எழுதினால் இரண்டு சிக்கல் வரும். ஜிமெயில் மேற்கோள் பகுதியை மூன்று புள்ளிக்குள் மடித்து வைக்கும். அதற்குள் எழுதிய பதிலும் சில நேரம் சேர்ந்து மடங்கிவிடும். போனில் பார்ப்பவருக்கு "பதில்கள் கீழே சிவப்பில்" என்ற ஒற்றை வரிதான் தெரியும், கீழே ஒன்றும் இருக்காது. இரண்டாவது, நிறம். அவர் அதை நகலெடுத்துப் பார்ட்னருக்கு வாட்ஸ்அப்பில் போட்ட உடனே சிவப்பு போய்விடும். எது அவர் கேட்டது, எது நீங்கள் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. இங்கே பார்ட்னர் ஒருவர் இருக்கிறார் என்று மைதிலியே சொல்லிவிட்டது. அதனால் கேள்வியைச் சுருக்கித் திரும்ப எழுதி, எண் போட்டு, அடியில் பதில். எல்லாம் புது எழுத்தாக, மேலேயே.

சரி, அதெல்லாம் பிறகு. முதலில் கேள்விகளைப் பிரிக்க வேண்டும். மைதிலி, அந்த மெயிலை ஒரு காலிப் பக்கத்தில் ஒட்டி, ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் எண்டர் தட்டு. பிறகு ஒவ்வொரு வரியாகப் பார்த்து, "இந்த வரிக்கு நான் ஒன்றுமே சொல்லாவிட்டால் அவருக்கு ஏமாற்றமாக இருக்குமா?" என்று கேட்டுக்கொள். ஆம் என்றால் அது கேள்வி. கேள்விக்குறி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காதே.

இந்த மெயிலில் கேள்விக்குறி ஏழுதான் இருக்கிறது. கேள்வி பத்து. குறி இல்லாமல் ஒளிந்திருக்கும் மூன்று: "அப்படி இருக்காது என்று நம்புகிறோம்", "30 நாளில் கொடுப்பது எங்கள் வழக்கம்", "சாம்பிள் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறோம்". நம் ஊர் ஆட்கள் பணத்தையும் சந்தேகத்தையும் நேராகக் கேட்க மாட்டார்கள், வாக்கியமாகச் சொல்லி விட்டுவிடுவார்கள். உன் வரைவில் இந்த மூன்றில் சாம்பிள் மட்டும்தான் வந்திருக்கிறது. கடன் விஷயம் சுத்தமாக இல்லை. கலப்படத்துக்குத் "தரத்தில் சமரசம் இல்லை" என்று சொல்லியிருக்கிறாய். அது பதிலே இல்லை. கலப்படம் செய்பவனும் அதே வாக்கியத்தைத்தான் எழுதுவான்.

மைதிலி (அயோத்தியாப்பட்டணம்)

அண்ணா, பத்தா! நான் கேள்விக்குறியைத்தான் எண்ணிப் பார்த்தேன். மில் வாசல் விலையா என்பதும் வெள்ளைக்கு என்ன போடுகிறோம் என்பதும்கூட வரைவில் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

ஒரு சந்தேகம். அவர் கேட்ட வரிசையிலேயே சொல்ல வேண்டுமா? எனக்கு விலை, நைலான் விலை, லாரி வாடகை, கடன் எல்லாம் ஒரே கட்டாகவும், தரம் பற்றியது இன்னொரு கட்டாகவும் சொன்னால் சுலபமாக இருக்கும்.

டேவிட் (ஏற்காடு)

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். எனக்கும் இதே தொல்லை. காபித் தோட்டத்துக்குள் இரண்டு அறை வாடகைக்கு விடுகிறோம். கோடை விழா சமயத்தில் வரும் மெயிலைப் பார்த்தால் தலை சுற்றும். கொண்டை ஊசி வளைவில் குழந்தைக்கு வாந்தி வருமா, குப்பனூர் வழியாக வரலாமா, லேக்கில் படகு எத்தனை மணி வரை, அறையில் ஹீட்டர் உண்டா, நாயைக் கூட்டி வரலாமா, இருபது கேள்வி. நான் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலாக ஒரு பி.டி.எஃப். அனுப்பிவிடுகிறேன், எல்லாம் அதில் இருக்கிறது. அப்படிச் செய்யலாமே?

ராஜேஷ்_பெங்களூர்

டேவிட் அண்ணா, பி.டி.எஃப். அனுப்பிய பிறகும் அதே கேள்வியோடு போன் வருகிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

டேவிட் (ஏற்காடு)

வருகிறது :) நாய் பற்றி அதில் இல்லை.

செல்வம் (கொண்டலாம்பட்டி)

டேவிட், உங்களுக்கு வருவது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள், அதனால் பி.டி.எஃப். பாதி வேலை செய்கிறது. ஆனால் "இணைப்பைப் பார்க்கவும்" என்று சொன்னால், இருபது பதிலையும் தேடும் வேலை அவர்கள் தலையில் விழுகிறது. அதில் இல்லாத ஒரு கேள்விதான் அவர்களுக்கு முக்கியமாக இருக்கும், நாய் மாதிரி. மைதிலிக்கு வந்தது வேறு. இவர் இதுவரை வாங்காதவர், ஒரு தடவை ஏமாந்தவர்.

வரிசை பற்றி. அவர் வரிசையிலேயே சொல். உனக்கு எழுத எது சுலபம் என்பது இங்கே கணக்கில்லை. அவர் தன் மெயிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். வரிசையை மாற்றினால் ஒரு கேள்விக்குப் பதில் இருந்தும் "இதற்குச் சொல்லவில்லையே" என்று நினைப்பார்.

சிக்கல் ஒரே இடத்தில்தான். பத்தாவது கேள்வி முதல் பதிலை மாற்றுகிறது. நைலானும் எடுத்தால் சாதாவின் விலையே குறையலாம். அதற்காகப் பத்தாவதை மேலே தூக்காதே. ஒன்றாவது பதிலில் "சாதா மட்டும் எடுத்தால்" என்று மூன்று வார்த்தை சேர். மீதியைப் பத்தில் சொல். அதேபோல ஒன்றும் இரண்டும் பிரிக்க முடியாத ஜோடி, விலையும் அந்த விலை எந்த இடத்துக்கு என்பதும். அவற்றைச் சேர்த்தே சொல்லலாம், ஆனால் "1, 2" என்று இரண்டு எண்ணையும் போடு. எண் காணாமல் போனால் ஒன்றை விட்டுவிட்டாய் என்றுதான் தோன்றும்.

எண்ணைக் கையால் தட்டு. தானியங்கிப் பட்டியலைப் பயன்படுத்தாதே. நடுவில் ஒரு காலி வரி விழுந்தால் அது மறுபடி 1 என்று தொடங்கிவிடும், ஒரு கேள்வியை அழித்தால் மற்றதெல்லாம் மாறிவிடும். நாளைக்கு அவர் "உங்கள் 7-க்குச் சரி, 8 ஒத்துவராது" என்று எழுதும்போது இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.

முருகேசன் (செவ்வாய்ப்பேட்டை)

வரிசை எல்லாம் சரி தம்பி. ஆனால் கடன் ஒத்துவரவில்லை என்றால் மற்ற ஒன்பதும் வீண். அதை எட்டாவதாக எழுதி அந்த ஆளை அதுவரை படிக்க வைப்பது நியாயமா? வியாபாரத்தில் பணப் பேச்சுதான் முதல் பேச்சு.

செல்வம் (கொண்டலாம்பட்டி)

ஐயா சொல்வதில் விஷயம் இருக்கிறது. அதற்குத்தான் எண் தொடங்கும் முன் மேலே இரண்டு வரி. இந்த வியாபாரம் நடக்குமா நடக்காதா என்பது அந்த இரண்டு வரியில் தெரிய வேண்டும். "தரலாம், தீபாவளிக்கு முன்னும் தரலாம். பணம் கொடுக்கும் நாள் மட்டும் பேச வேண்டியிருக்கிறது, 8-ஐப் பாருங்கள்." இவ்வளவு போதும். விவரம் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

முருகேசன் (செவ்வாய்ப்பேட்டை)

"பேச வேண்டியிருக்கிறது" என்று எழுதினாலே இறங்கி வருவான் என்று தெரிந்துகொள்வான் எதிராளி. நான் எழுத மாட்டேன்.

தனலட்சுமி

முன்பு உணவு லேபில் இருந்தேன். மக்காச்சோளக் கேள்விக்கு ஒரு தகவல். "அயோடின் போட்டுப் பாருங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மரவள்ளி, மக்காச்சோளம் இரண்டும் ஸ்டார்ச்தான், இரண்டும் அயோடினில் நீலமாகும். லேபில் நுண்ணோக்கியில் மாவு மணியின் வடிவத்தைப் பார்ப்பார்கள். மக்காச்சோள மணி கோணல் கோணலாக இருக்கும். மரவள்ளி மணி உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டிவிட்டது போல இருக்கும். அப்புறம், கூழானதற்குக் கலப்படம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அதிக நேரம் ஊறினாலும், வறுப்பு போதாவிட்டாலும் கரையும். அவருடைய பழைய சரக்கு பற்றி நீங்கள் தீர்ப்பு சொல்லாமல் இருப்பதே நல்லது.

வெள்ளை பற்றிய கேள்விக்கு, ரிப்போர்ட்டில் கந்தக டை ஆக்சைடு என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த வரியையே காட்டிவிடலாம்.

மைதிலி (அயோத்தியாப்பட்டணம்)

நன்றி அக்கா. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், அந்த வரி இருக்கிறது. முதலாளியிடமும் உட்கார்ந்து கேட்டேன். "பிளீச் எதுவும் கிடையாது, மாவைத் தண்ணீரில் கழுவி இறக்குவதோடு சரி" என்றார். மக்காச்சோளம் மில்லுக்குள்ளேயே வருவதில்லை என்றும் எழுதச் சொன்னார். கடனைப் பற்றி மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். நைலான் விலையும் இன்னும் முடிவாகவில்லை. இந்த இரண்டுக்கும் என்ன எழுதுவது? எல்லாம் தெரிந்த பிறகு அனுப்பலாமா?

செல்வம் (கொண்டலாம்பட்டி)

காத்திருக்காதே. எட்டுக்குப் பதில் தெரிந்தால் எட்டையும் அனுப்பு. தெரியாத இரண்டின் எண்ணையும் விடாமல் போட்டு, யார் முடிவு செய்வார், எந்தக் கிழமைக்குள் சொல்வோம் என்று எழுது. "விரைவில்" என்று எழுதினால் ஒன்றும் சொல்லாததற்குச் சமம். கிழமையை முதலாளியிடம் கேட்டுவிட்டுப் போடு, நீயாகப் போடாதே.

கடன் விஷயத்தில் இன்னொன்று. முருகேசன் ஐயா எழுத்தில் வேண்டாம் என்கிறார். ஆனால் எழுத்தில் இருப்பதற்குச் சட்டத்தில் ஒரு பயன் இருக்கிறது. 2006-ஆம் வருடத்துச் சிறு, குறுந்தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். உங்கள் மில்லுக்கு உத்யம் பதிவு இருந்தால் இது பொருந்தும். அதனால் நீ மெயிலில் "30 நாள் சரி" என்று எழுதினால் அதுவே எழுத்தில் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடலாம். முதலாளி சொல்லாமல் அந்த வரியை எழுதாதே என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு இடம் திருத்து. "முயற்சி செய்கிறோம், மழையைப் பொறுத்தது" என்பதில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறார். காய வைத்த சரக்கு கையிருப்பு இருக்கிறதா, அதிலிருந்து ஒதுக்குவீர்களா, எந்தத் தேதிக்குள் ஆர்டர் உறுதி செய்தால் ஒதுக்க முடியும்? அதை எழுது. விலைக்கும் கெடு போடு. ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வில் விற்பனை விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்போது கெடு இல்லாத விலையை எழுதினால் அடுத்த மாதமும் அதையே கேட்பார்.

மைதிலி (அயோத்தியாப்பட்டணம்)

மாற்றி எழுதிவிட்டேன். 50 கிலோ மூட்டை பற்றி லோடு ஆட்களிடம் கேட்டேன், சாக்கு கைவசம் இருக்கிறது. கணக்குப் போட்டால் 90 கிலோவில் இரண்டு டன் முழுசாக வரவும் இல்லை. பாருங்கள்.

> ஐயா, வணக்கம்.
>
> மாதம் இரண்டு டன் சாதா ஜவ்வரிசி எங்களால் தர முடியும், தீபாவளிக்கு முன்னும் தர முடியும். பணம் கொடுக்கும் நாள் (8), நைலான் விலை (10) இரண்டுக்கு மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்கிறோம்.
>
> 1, 2. விலை, எந்த இடத்துக்கு?
> சாதா மட்டும் எடுத்தால் கிலோ ரூ. ___. இது மில் வாசல் விலை, ஜி.எஸ்.டி. தனி. கோவைக்கு லாரி வாடகை கிலோவுக்கு ரூ. ___ சேரும். இறக்குக் கூலி உங்களுடையது. இந்த விலை இம்மாதக் கடைசி வரை.
>
> 3. 50 கிலோ மூட்டை?
> தருகிறோம். இரண்டு டன்னுக்கு 40 மூட்டை. 90 கிலோ என்றால் 22 மூட்டை, 1,980 கிலோதான் வரும்.
>
> 4. மக்காச்சோள மாவு?
> கலப்பதில்லை. எங்கள் மில்லுக்குள் மக்காச்சோள மாவு வருவதே இல்லை. சாம்பிளை நீங்கள் விரும்பும் லேபில் நுண்ணோக்கிச் சோதனைக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.
>
> 5. வெள்ளையாக ஏதாவது?
> போடுவதில்லை. மாவைத் தண்ணீரில் கழுவுவது மட்டும்தான். இணைத்துள்ள ரிப்போர்ட்டில் கந்தக டை ஆக்சைடு வரியைப் பார்க்கவும்.
>
> 6. லேப் ரிப்போர்ட், ஒவ்வொரு லோடுக்கும்?
> கடைசியாக எடுத்த ரிப்போர்ட் இணைப்பில். ஒவ்வொரு லோடுக்கும் தனியாக எடுப்பதில்லை. வேண்டுமென்றால் எடுக்கலாம், லேப் கட்டணம் உங்களுடையது.
>
> 7. தீபாவளி லோடு, மழை?
> இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் ஆர்டரை உறுதி செய்தால், ஏற்கெனவே காய்ந்து குடோனில் இருக்கும் சரக்கிலிருந்து 40 மூட்டை ஒதுக்கி வைக்கிறோம். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன் கோவையில் இருக்கும். அதற்குப் பிறகு சொன்னால் களத்தில் காய்வதைப் பொறுத்து நாள் தள்ளிப்போகலாம்.
>
> 8. 30 நாளில் பணம்?
> முதலாளி முடிவு செய்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்வார்.
>
> 9. சாம்பிள்?
> ஒரு கிலோ நாளை கூரியரில் அனுப்புகிறோம். முகவரியும் போன் எண்ணும் தரவும்.
>
> 10. நைலானும் சேர்த்தால்?
> மாதம் எத்தனை மூட்டை நைலான் தேவைப்படும் என்று சொன்னால் வெள்ளிக்கிழமைக்குள் இரண்டுக்கும் சேர்த்து விலை தருகிறோம்.
>
> எங்களுக்கு உங்களிடமிருந்து வேண்டியவை: முகவரி (9), நைலான் அளவு (10), 25-க்குள் ஆர்டர் உறுதி (7).

ராஜேஷ்_பெங்களூர்

சூப்பர். ஆனால் நன்றி எதுவும் இல்லையே? கொஞ்சம் வறட்டாக இருக்கிறது. கடைசியில் ஒரு "நன்றி" போடுங்கள்.

செல்வம் (கொண்டலாம்பட்டி)

போடலாம், ஒன்றும் குறைந்துவிடாது. நல்லா வந்திருக்கிறது மைதிலி. முதலில் மூட்டைக்கு விலை சொல்லியிருந்ததை இப்போது கிலோவுக்கு மாற்றியது ரொம்பச் சரி. 50 கிலோவும் 90 கிலோவும் பேச்சில் இருக்கும்போது "மூட்டைக்கு இவ்வளவு" என்றால் எந்த மூட்டை என்று சண்டை வரும்.

நான்கையும் ஐந்தையும் பார். முதல் வார்த்தையே பதில், விளக்கம் அப்புறம். ஆறாவதில் மட்டும் இரண்டு கேள்விக்கு ஒரே கேள்விக்குறி, இரண்டையும் பிடித்துவிட்டாய். அதை 6அ, 6ஆ என்று பிரிக்க வேண்டியதில்லை.

ஏழில் ஒரு திருத்தம். "இரண்டு வாரம் முன்" என்பதற்குப் பதில் காலண்டரைப் பார்த்துத் தேதியையே போட்டுவிடு. தீபாவளியிலிருந்து எண்ணும்போது நீயும் அவரும் ஒரே நாளில் வந்து நிற்பீர்கள் என்று சொல்ல முடியாது. எட்டாவதில் ஒரு வரி சேர்க்கலாமா என்று முதலாளியிடம் கேள்: "முதல் லோடு மட்டும் பணம் கொடுத்து எடுப்பதில் உங்களுக்குச் சிரமம் உண்டா?" மேலே சொன்ன காரணத்தால் இதைக் கேள்வியாக மட்டும் எழுது.

முருகேசன் (செவ்வாய்ப்பேட்டை)

அதையும் போனில் கேட்கச் சொல்கிறேன். எழுத்தில் கேட்டால் எழுத்தில் "உண்டு" என்று வரும், அப்புறம் பேச்சுக்கு இடமே இல்லை.

தனலட்சுமி

கடைசிப் பகுதி, "எங்களுக்கு வேண்டியவை", எனக்குப் பிடித்தது. நான் பார்த்த மெயில்களில் பாதி இதனால்தான் நின்றுபோகும். இவர் பதில் சொல்லிவிட்டேன் என்று இருப்பார், அவர் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் இருப்பார்.

டேவிட் (ஏற்காடு)

நானும் இன்று ஒன்றை இப்படி எழுதிப் பார்த்தேன். ஒரு கேள்விக்கு மாட்டிக்கொண்டேன். "பனி மூட்டம் இருக்குமா?" என்று கேட்கிறார்கள். இருக்கும் என்றும் சொல்ல முடியாது, இருக்காது என்றும் சொல்ல முடியாது. அதற்கு எந்தக் கிழமைக்குள் பதில் சொல்வது?

செல்வம் (கொண்டலாம்பட்டி)

அதற்குக் கெடு வேண்டாம் டேவிட். "முன்கூட்டிச் சொல்ல முடியாது" என்பதும் முழுப் பதில்தான், எண் போட்டு எழுதிவிடுங்கள். கூடவே காலையிலா மாலையிலா எப்போது அதிகம் பார்க்கிறீர்கள் என்று நீங்கள் கண்டதைச் சொன்னால் போதும்.

மைதிலி (அயோத்தியாப்பட்டணம்)

தேதியைப் போட்டு, எட்டில் முதலாளி சொன்னபடி கேள்வியைச் சேர்க்காமல், நேற்று அனுப்பிவிட்டேன். இன்று காலை பதில் வந்தது:

> 3, 4, 5, 7 சரி. 6: முதல் லோடுக்கு மட்டும் தனி ரிப்போர்ட் வேண்டும், கட்டணம் நாங்கள் தருகிறோம். 9: முகவரி கீழே. 10: மாதம் 10 மூட்டை, 50 கிலோவில். 1: லாரி வாடகை கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது, எங்கள் வண்டி ஈரோடு வரை வருகிறது, அங்கே ஏற்றித் தர முடியுமா? 8-க்குக் காத்திருக்கிறோம்.

அவரும் எண் போட்டே எழுதியிருக்கிறார். ஈரோடு விஷயம் புதிது, அதற்கு 11 என்று போடவா, 1-இலேயே சேர்க்கவா?

செல்வம் (கொண்டலாம்பட்டி)

அவர் 1 என்று எழுதியிருப்பதால் 1-இலேயே சொல். அவராகப் புது எண் கொடுத்தால்தான் 11. சரி என்று முடிந்தவற்றை அடுத்த மெயிலில் திரும்ப எழுதாதே, "3, 4, 5, 7 முடிந்தது" என்று ஒரு வரி போதும். திறந்திருப்பது 1, 6, 8, 9, 10 மட்டும்.

முருகேசன் (செவ்வாய்ப்பேட்டை)

ஈரோட்டில் யார் இறக்கி ஏற்றுவது, கூலி யாருடையது? அதையும் கேட்டுக்கொள். எட்டுக்கு முதலாளி என்ன சொன்னார்?

மைதிலி (அயோத்தியாப்பட்டணம்)

இன்னும் சொல்லவில்லை ஐயா. வெள்ளிக்கிழமை நாளைக்குத்தான்.